டிஸ்க், டியூப்லெஸ், அலாய்: கூடுதல் பணம் எதற்குத் தகும்?

125 சிசி ஸ்கூட்டர் வாங்க ஷோரூமுக்குப் போனால், ஒரே வண்டிக்குப் பெரும்பாலும் மூன்று விலை சொல்வார்கள். இரும்பு வீலும் டிரம் பிரேக்கும் உள்ளது முதல் விலை. அதே டிரம் பிரேக்கோடு அலாய் வீல் போட்டது அடுத்தது. முன்னால் டிஸ்க் பிரேக்கும் அலாய் வீலும் சேர்ந்து வருவது மூன்றாவது. ஒவ்வொரு படிக்கும் சில ஆயிரம் ரூபாய் ஏறும். எஞ்சின் மூன்றிலும் ஒன்றுதான், மைலேஜும் ஒன்றுதான்.

முதல் விலைக்கே மனசைத் தயார் செய்துகொண்டு போனவரிடம் விற்பனையாளர் நடுப்படியைக் காட்டுவார். "சார், இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா அலாய் வீல் வந்துடும். டியூப்லெஸ் டயர், பஞ்சர் தொல்லையே இல்லை." கேட்பவருக்கு அலாய் வாங்கினால்தான் டியூப்லெஸ் கிடைக்கும் என்று தோன்றும். ஸ்கூட்டரைப் பொறுத்தவரை அது தவறு. முதல் விலையில் உள்ள இரும்பு வீலிலும் இன்று பெரும்பாலும் டியூப்லெஸ் டயர்தான் இருக்கிறது. டிஸ்க், டியூப்லெஸ், அலாய் ஆகிய மூன்றும் விளம்பரத்தில் ஒரே வரியில் வருவதால் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறோம். மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. எதற்குப் பணம் தரலாம் என்பதற்கான பதிலும் அப்படித்தான்.

பிரேக்கில் தொடங்குவோம். பிரேக் பிடித்த நொடியில் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்பக்கம் சாய்கின்றன. பின் சக்கரம் இலேசாகிவிடுகிறது, தரையில் அதன் பிடிப்பு குறைகிறது. நல்ல தார்ச்சாலையில் அழுத்திப் பிடித்தால், வண்டியை நிறுத்தும் வேலையில் 70 சதவீதமோ அதற்கு மேலோ முன் சக்கரம்தான் செய்கிறது. ஆகவே எந்த பிரேக் என்ற கேள்வி, முன் சக்கரத்துக்கு எந்த பிரேக் என்ற கேள்விதான். பின்னால் டிரம் இருப்பதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. பைக்கில் பின்னாலும் டிஸ்க் இருக்கிறது என்று சொல்லித் தனியாக விலை கேட்டால், அந்தப் பணத்தைத் தயங்காமல் மிச்சம் பிடிக்கலாம்.

டிரம் பிரேக்கை மெக்கானிக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரத்தின் நடுவில் ஒரு மூடிய கிண்ணம், அதற்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூ. லீவரைப் பிடித்தால் கேபிள் இழுக்கிறது, ஷூக்களின் நடுவே உள்ள கேம் என்ற சிறு இரும்புத் துண்டு திரும்புகிறது, ஷூக்கள் விரிந்து கிண்ணத்தின் உட்சுவரில் உரசுகின்றன. சுழலும் கிண்ணம் முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக வைக்கிறது. அதனால் விரலுக்கு அதிக பலம் தேவைப்படுவதில்லை. தேய்ந்த தூள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கறுப்பு மாவாகப் படிந்திருக்கும். டிரம்மின் குறை இந்த மூடிய அமைப்பில்தான் இருக்கிறது: தூளைப் போலவே சூடும் எளிதில் வெளியேறுவதில்லை.

டிஸ்க்கில் எல்லாம் திறந்த வெளியில் நடக்கிறது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தகட்டை, காலிப்பருக்குள் இருக்கும் இரண்டு பேடுகள் இரு பக்கமும் கவ்விப் பிடிக்கின்றன. கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில் அழுத்தத்தைக் கடத்துகிறது. தகடு காற்றில் இருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. மழைநீர் பட்டாலும் பேடே வழித்துவிடுகிறது. வெள்ளம் தேங்கிய தெருவில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், மெதுவாக ஓட்டிக்கொண்டே சில தடவை பிரேக்கை இலேசாகப் பிடித்து விட்ட பிறகுதான் அது பழைய நிலைக்கு வரும்.

அப்படியானால் டிஸ்க் போட்ட வண்டி எப்போதும் குறைந்த தூரத்தில் நின்றுவிடுமா? இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. குறுக்கே ஒருவர் வந்ததைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, விரல் லீவரை இழுப்பதற்குள் ஏறக்குறைய ஒரு நொடி போய்விடும். அதற்குப் பிறகு காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தால் இன்னும் 10 மீட்டர் அளவில் வண்டி நிற்கும். இந்த 10 மீட்டரைத் தீர்மானிப்பது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. சரியாக வைத்திருக்கும் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக்கால் இந்த வேகத்தில் முன் சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டவே முடியும். பூட்டும் அளவுக்கு பலம் இருக்கிறது என்றால், அதற்கு மேல் பலம் கொடுத்துப் பயனில்லை. கடைத்தெரு, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று 40-ஐத் தாண்டாத வாழ்க்கைக்கு நல்ல டிரம் போதும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

60-ல் போகும்போது கணக்கு மாறுகிறது. யோசிக்கும் நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர், நிற்க இன்னும் 23 மீட்டர், ஆக 40 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு ஆனதற்கு பிரேக் உண்ணும் சக்தி இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. அத்தனையும் சூடாக மாறித்தான் போக வேண்டும். புறவழிச்சாலையில் இப்படி அடுத்தடுத்து நிறுத்த வேண்டி வந்தால் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

அதைவிடக் கடுமையான சோதனை மலையிறக்கம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகள், அடிவாரத்துக்கும் மேலே சோளக்காட்டுக்கும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசம். ஸ்கூட்டர் 110 கிலோ, கணவனும் மனைவியும் சேர்த்து 130 கிலோ என்றால் 240 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி, எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும், மீதி முழுவதும் இரண்டு பிரேக்குகளில் இறங்கும்.

கியர் பைக்காக இருந்தால் இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி செய்யலாம். ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு. எஞ்சின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கிளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி நியூட்ரலில் உருள்வதுபோல் ஓடத் தொடங்கும். வளைவுக்கு வளைவு மெதுவாக்கும்போது அடிக்கடி இது நடக்கும், சுமை முழுக்க பிரேக்கின் தலையில் விழும். டிரம் சூடேறினால் கிண்ணம் விரிகிறது, அதாவது ஷூவை விட்டு விலகுகிறது. ஷூவின் உரசும் தன்மையும் சூட்டில் குறைகிறது. பாதி மலையில் லீவர் முன்னைவிட அதிகமாக உள்ளே வரும், கருகல் வாடை அடிக்கும், அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் ஓரமாக நிறுத்தி, பிரேக் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடுவதும் தவறு. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டால் இடையில் ஆற நேரம் கிடைக்கும்.

டிஸ்க் தகடு சூட்டில் பேடை விட்டு விலகிப் போவதில்லை, ஆறுவதும் வேகம். மலையடிவாரத்து ஊர்களில் இருப்பவர்கள், தினமும் நெடுஞ்சாலையில் போய்வருபவர்கள், பின்னால் ஆளையோ சுமையையோ ஏற்றிப் பழகியவர்கள் ஆகியோருக்கு முன் டிஸ்க்குக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. வாங்கி விட்டுவிட்டால் மட்டும் போதாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழசானதும் அந்த வரம்பு 155 டிகிரி அளவுக்குக் கூட இறங்கிவிடும். மலையிறக்கத்தில் அது கொதித்துக் குமிழி உண்டானால் லீவர் பஞ்சுபோல் அமுங்கும், பேட் நகராது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்தால் புது ஆயில் வெளிறிய மஞ்சளாகவும் பழசு தேநீர் நிறத்திலும் தெரியும். நான் பார்த்தவரை டிஸ்க் வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் வண்டியை விற்கும்வரை இதை மாற்றுவதே இல்லை. அப்படி வைத்திருக்கும் டிஸ்க்கைவிட, ஷூ மாற்றி, கேபிளைச் சரியாக டைட் வைத்திருக்கும் டிரம் மேலானது.

இன்னொன்று, வாட்டர் வாஷ் கடையில் வண்டி பளபளக்க வேண்டும் என்று பாலிஷையோ எண்ணெயையோ அடிப்பார்கள். அது டிஸ்க் தகட்டில் பட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிரேக் பாதியாகிவிடும். "அண்ணே, டிஸ்க் பக்கம் அடிக்காதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆபத்தான நேரத்தில் பயத்தில் முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சரியும். ஈரத்திலும் மணலிலும் இது நொடியில் நடக்கும். இதைத் தடுப்பது ஏபிஎஸ். சக்கரம் பூட்டப் போவதை உணர்ந்து, பிடித்த பிரேக்கை ஒரு நொடியில் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதி, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது. 125 சிசி வரையுள்ளவற்றில் ஏபிஎஸ்ஸோ சிபிஎஸ்ஸோ இருந்தால் போதும் என்றது. சிபிஎஸ் என்பது வேறு ஏற்பாடு: ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் பின் பிரேக்கோடு முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். சக்கரம் பூட்டுவதை அது தடுக்காது. முன் பிரேக்கின் முழு பலமும் அதில் வந்துவிடாது, அவசரத்தில் வலது லீவரையும் சேர்த்துப் பிடித்தே ஆக வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் உள்ள வண்டி கிடைத்தால், மற்ற எல்லா அலங்காரத்தையும் விட்டுவிட்டு அதை எடுங்கள்.

இப்போது டயருக்கு வருவோம். டியூப் உள்ள டயரில் ஆணி ஏறினால் டியூப் கிழிகிறது. காற்று, ஆணி ஓட்டை வழியாக மட்டுமல்லாமல், டியூபுக்கும் ரிம்முக்கும் இடையிலான சந்துகள் வழியாகவும் வெளியேறும். சில நொடியில் டயர் தட்டையாகிவிடலாம். 60-ல் போகும்போது முன் டயரில் இது நடந்தால் ஹேண்டில்பார் கைக்குள் நிற்காது. டியூப்லெஸ்ஸில் டயரின் உள்ளே காற்றை விடாத ரப்பர் பூச்சு இருக்கிறது, டயரின் விளிம்பு ரிம்மை அழுத்திப் பிடித்து மூடிக்கொள்கிறது. ஆணி ஏறினாலும் ரப்பர் ஆணியைச் சுற்றி இறுகிக்கொள்ளும், காற்று கசிந்து கசிந்துதான் போகும். பல சமயம் காலையில் காற்று குறைந்திருக்கிறதே என்று பார்க்கும்போதுதான் ஆணியே தெரியும். மூன்று அம்சங்களில் எந்த ஊரிலும் எந்த வேகத்திலும் எல்லோருக்கும் பயன்படுவது இதுதான் என்பேன்.

ஆணியைப் பார்த்தால் அங்கேயே பிடுங்காதீர்கள். அதுதான் அப்போதைக்கு அடைப்பு. இருக்கும் காற்றோடு மெதுவாகப் பஞ்சர் கடைக்குப் போங்கள். கடைக்காரர் ஆணியைப் பிடுங்கி, அரம் போன்ற ஊசியை ஓட்டைக்குள் விட்டுத் திருகிச் சுத்தம் செய்து, பிசின் தடவிய ரப்பர் திரியை ஊசிக் கண்ணில் கோத்து உள்ளே குத்தி இழுப்பார். வெளியே நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு, எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தொட்டுக் குமிழி வருகிறதா பார்ப்பார். சக்கரத்தைக் கழற்றாமலே ஐந்தாறு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. தரையில் படும் பகுதியில் விழுந்த ஓட்டைக்குத்தான் திரி போடலாம். டயரின் பக்கச்சுவரில் கிழிந்தால் டயரையே மாற்ற வேண்டும். அடியோடு காற்று இறங்கி, டயர் விளிம்பு ரிம்மை விட்டு நகர்ந்துவிட்டால், கம்ப்ரசர் காற்று வேகமாகப் பாய்ந்தால்தான் அது மறுபடி பொருந்தும். சைக்கிள் பம்பால் முடியாது. கம்ப்ரசர் இல்லாத ஊரில் இருப்பவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். சில கடைகளில் கசிவு அடிக்கடி வருகிறதென்று டியூப்லெஸ் டயருக்குள் டியூபைப் போட்டுவிடுகிறார்கள். போட்ட அன்றே டியூப்லெஸ்ஸின் பயன் போய்விடுகிறது. கசிவு நிற்கவில்லையென்றால் வால்வையும், ரிம் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அலாய் வீல் இந்தக் கதைக்குள் வருவது ஒரே காரணத்தால். பைக்கின் கம்பி வீலில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அத்தனை துளை வழியாகவும் காற்று கசியும் என்பதால் டியூப் கட்டாயம். அலாய் வீல் துளையில்லாத ஒரே வார்ப்பு, ஆகவே டியூப்லெஸ் போடலாம். பைக்கில் அலாய்க்குப் பணம் கொடுக்க இது நியாயமான காரணம். கம்பியை ரிம்மின் ஓரத்தில் பொருத்தி டியூப்லெஸ் ஆக்கும் முறையும் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450-க்கு அப்படிப்பட்ட வீல் கிடைக்கிறது. ஆனால் விலை குறைந்த பைக்குகளில் அதை எதிர்பார்க்க முடியாது. ஸ்கூட்டரின் இரும்பு வீலோ தகட்டை அழுத்திச் செய்தது, அதில் கம்பியே இல்லை. காற்றைத் தாங்க அலாயின் தயவு அதற்குத் தேவையில்லை.

எடை குறையும், ஓட்டம் மாறும் என்பார்கள். இந்த விலையில் வரும் வார்ப்பு அலாயில் அந்த வித்தியாசம் சொற்பம். கம்பி வீலைப்போல் கோட்டம் எடுக்க வேண்டியதில்லை, துடைப்பது எளிது என்பவை உண்மையான வசதிகள். எதிர்ப்பக்கத்தில், பெரிய குழியில் விழுந்தால் இரும்பு வீல் நசுங்கும், தட்டி எடுத்துவிடலாம். கம்பி வீல் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், கம்பியை மாற்றலாம். அலாய் விரிசல் விடும். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது, புது வீல்தான். கிராமத்து மண் பாதையில் மூட்டை ஏற்றிப் போகிறவர் கம்பி வீலோடு இருப்பதே நல்லது.

110 சிசி பைக் வாங்கும் ஒருவருக்காக இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தினமும் 30 கிலோமீட்டர், பாதி நெடுஞ்சாலை, சில நாள் மகளைக் கல்லூரியில் விடுகிறார். கம்பி வீல், டியூப், டிரம் உள்ள வண்டி ஒன்று. அலாய், டியூப்லெஸ், டிரம் உள்ளது அடுத்தது. அலாய், டியூப்லெஸ், முன் டிஸ்க் உள்ளது மூன்றாவது. இவருக்கு மூன்றாவது வண்டிதான் சரி. பணம் இடம் கொடுக்கவில்லையென்றால் இரண்டாவது. இதே மனிதர் 125 சிசி ஸ்கூட்டர் வாங்கினால் நடுப்படிக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் டியூப்லெஸ் முதல் படியிலேயே வந்துவிட்டது. எடுத்தால் டிஸ்க் உள்ள மேல்படி, இல்லையென்றால் இரும்பு வீல் உள்ள கீழ்ப்படி.

ஷோரூமில் சொல்வதை நம்பாமல் டயரின் பக்கச்சுவரைக் குனிந்து படியுங்கள். டியூப்லெஸ், டியூப் டைப் இரண்டில் ஏதாவது ஒன்று அதில் பொறித்திருக்கும். அலாய் வீலில் டியூப் டயர் மாட்டி வந்த பைக்குகளும் உண்டு, அதனால் வீலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அங்கேயே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-வது வாரத்தில் செய்த டயர். புது வண்டியில் பழைய டயர் வந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். காற்றின் அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பல ஸ்கூட்டர்களுக்கு முன்னால் 22, பின்னால் 29, இருவர் போனால் பின்னால் 36 பி.எஸ்.ஐ. இதைவிடக் குறைவாக ஓட்டினால் டிஸ்க்கும் சரியாக நிறுத்தாது, குழியில் விழும்போது அலாயும் தப்பாது. வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காற்றைப் பார்த்துவிடுங்கள்.